அப்பா பெயரில் நிற்கும் ரீஃபண்ட்: எந்தச் சான்று, எந்தக் கணக்கு?

இறந்துபோன அப்பா அல்லது அம்மாவுக்காக வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்வதில் சிரமமான இடம் படிவம் அல்ல. வாரிசு என்று நிரூபிக்க எந்தக் காகிதத்தைக் கொடுப்பது, பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது என்ற இரண்டில்தான் ரீஃபண்ட் மாட்டிக்கொள்கிறது. சட்டம் சிக்கலில்லாதது. 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 159ஆம் பிரிவு, இறந்தவரின் வரிப் பொறுப்பை வாரிசுக்குத் தருகிறது, அதுவும் வந்த சொத்தின் அளவுக்கு மட்டும். 238ஆம் பிரிவு, அவர் வாங்க வேண்டிய ரீஃபண்டைக் கோரும் உரிமையையும் அதே வாரிசுக்குத் தருகிறது.

முதல் தேர்வு: எந்தச் சான்று

வாரிசு வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் தன் சொந்த பான் எண்ணில் நுழைந்து, `Authorised Partners` → `Register as Representative Assessee` வழியாகப் புது விண்ணப்பம் போட்டு, வகையில் `Deceased (Legal Heir)` என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். இறந்தவரின் பான், இறப்புச் சான்று, வாரிசு ஆதாரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மூன்றாவதில்தான் போட்டி.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றுதான் பெரும்பாலோருக்குச் சரியான தேர்வு. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எல்லா வாரிசுகளின் பெயரும் அதில் வருவதால் வங்கி, பட்டா, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அதுவே உதவும். விசாரணை முடிய நாளாகும் என்பதுதான் குறை. வருமான வரிக் கெடு நெருங்கும்போது இதற்காகக் காத்திருப்பது நல்லதல்ல.

அப்போது கைகொடுப்பது, இறந்தவருடைய வங்கியின் கடிதம். நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரர் யார் என்று வங்கி தன் கடிதத்தாளில் முத்திரையும் கையெழுத்தும் வைத்துத் தந்தால் துறை அதையும் ஆதாரமாக ஏற்கிறது. அரசு ஓய்வூதியர் என்றால் குடும்ப ஓய்வூதியச் சான்றும், பதிவு செய்த உயில் இருந்தால் அதுவும் போதும்.

நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றை வரி ரீஃபண்டுக்காக மட்டும் தேடிப்போக வேண்டாம். மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் உண்டு. வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் மட்டுமே அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: பதிவு செய்து பணம் வாங்குபவர் ஒருவர்தான் என்றாலும் அந்தப் பணம் அவர் ஒருவருடையது ஆகிவிடாது. மற்றவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கி வைப்பது பின்னால் வரும் மனக்கசப்பைக் குறைக்கும்.

இரண்டாவது தேர்வு: எந்தக் கணக்கு

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். காரியம் முடிந்த கையோடு வங்கிக்குப் போய் அப்பாவின் கணக்கை மூடி, பணத்தை எடுத்துவிடுகிறார்கள். பிறகு ரீஃபண்ட் அந்தக் கணக்குக்குப் போய்த் திரும்பிவிடுகிறது.

கூட்டுக் கணக்கு இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அப்பாவின் பான் அந்தக் கணக்கில் பதிவாகி, தளத்திலும் சரிபார்க்கப்பட்டிருந்தால் ரீஃபண்ட் வரும்வரை அதை அப்படியே விட்டுவைக்கலாம். அவர் பெயரை நீக்கும் மனுவை ரீஃபண்ட் வந்த பிறகு கொடுத்தால் போதும்.

தனிக் கணக்கு என்றால் வங்கியிடம் சொல்லாமல் ஓட்டலாம் என்று தோன்றும். அது கெட்ட யோசனை. இறப்புக்குப் பின் வரவாகும் ஓய்வூதியத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு விளக்கம் சொல்லவும் நேரும். இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. இறந்தவர் பெயரில் இனி வரக்கூடிய வரவுகளைப் பெற "எஸ்டேட் ஆஃப்" என்று அவர் பெயரோடு ஒரு கணக்கை வங்கி தொடங்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடம் தருகிறது. வரவு வைக்கலாம், எடுக்க முடியாது. இல்லாவிட்டால் வங்கி பணத்தை "கணக்குதாரர் இறந்துவிட்டார்" என்ற குறிப்புடன் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். இரண்டில் எது வேண்டும் என்பதை உரிமைகோரல் படிவத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

வாரிசின் சொந்தக் கணக்கை அப்பாவின் பான் கீழ் சேர்க்கலாம் என்பது மூன்றாவது எண்ணம். பெயரும் பானும் பொருந்தாமல் சரிபார்ப்பு நின்றுவிட்டால், `Services` → `Refund Reissue` என்ற கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், ரத்து செய்த காசோலை ஆகியவற்றோடு அப்பாவின் பானுக்குரிய வருமான வரி அதிகாரியிடம் எழுத்தில் மனு கொடுங்கள். தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும் பதிவு செய்து அந்த எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். மெதுவான வழிதான், ஆனால் கணக்கு மூடிவிட்ட நிலையில் இதுதான் மிஞ்சும். எந்த வழியாக இருந்தாலும், பணம் கையில் வரும்வரை அப்பாவின் பானை ஒப்படைக்க வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஓய்வூதியர் ஒருவர் 2024 நவம்பர் 18 அன்று இறந்தார். அதுவரை வந்த ஓய்வூதியம் 2,40,000 ரூபாய். வங்கி வைப்புத்தொகை வட்டி ஆண்டு முழுக்க 1,82,500, அதாவது நாளுக்கு 500. வங்கி 10 சதவீதம் பிடித்து 18,250 ரூபாயையும் அவர் பானிலேயே கட்டிவிட்டது.

ஏப்ரல் 1 முதல் நவம்பர் 18 வரை 232 நாள். ஆகவே அவருடைய வட்டி 1,16,000 மட்டுமே. மீதி 66,500, வாரிசின் வருமானம். புதிய வரி முறையில் ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போக 1,65,000. வட்டியைச் சேர்த்தால் 2,81,000. வரி இல்லை. அவர் ரிட்டர்னில் கோர வேண்டிய ரீஃபண்ட் 11,600, முழு 18,250 அல்ல.

மிச்சம் 6,650 எங்கே போகும்? வட்டி யாருக்குப் போகிறதோ அந்த வாரிசு தன் ரிட்டர்னில் கோர வேண்டும். விதி 37பிஏ அதற்கு இடம் தருகிறது. ஐடிஆர்-1 படிவத்தில் அடுத்தவர் பானில் பிடித்த வரியைக் காட்டும் இடம் இல்லை என்பதால், வாரிசு ஐடிஆர்-2க்குப் போக நேரும். இதைத் தவிர்க்க நினைத்தால், இறப்பை வங்கிக்குச் சீக்கிரம் தெரிவித்து, இனி வரும் வட்டிக்கான வரியை வாரிசின் பானில் காட்டும்படி உறுதிமொழி கொடுங்கள். இறந்த தேதி வரையிலான வட்டிச் சான்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். ஆண்டு வருமானத் தகவல்களைத் துறை தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையில் 1,82,500 என்றிருக்க நீங்கள் 1,16,000 காட்டினால் கேள்வி வரலாம். அதற்கு அந்தச் சான்றுதான் பதில்.

கெடு தாண்டினால்

மேலே சொன்ன ஓய்வூதியருக்குத் தாமத ரிட்டர்னின் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதைத் தவறவிட்டவர்கள் பலர் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம் என்று நினைக்கிறார்கள். ரீஃபண்ட் கோர அதைப் பயன்படுத்த முடியாது. இருக்கும் ஒரே வழி 119(2)(பி) பிரிவின் கீழ் தாமத மன்னிப்பு மனு. 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கொடுக்கலாம். 1 கோடி வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் தீர்மானிப்பார். இந்த வழியில் வரும் தாமத ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது. தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசிப்பவர்கள், வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்த தேதியையும் அது கிடைத்த தேதியையும் ஒப்புகைச் சீட்டோடு இணைத்தால் அதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.