வாயைச் சுற்றிச் சிவந்த பொரிகள்: க்ரீமைத் தொடர்வதா, எல்லாவற்றையும் நிறுத்துவதா, மருந்து சேர்ப்பதா?

உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் தெளிவாக இருக்கும். அதைத் தாண்டி முகவாயிலும் மூக்கோரத்திலும் சிவந்த பொடிப்பொடிப் பொரிகள். அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். முகப்பருவில் வருகிற கரும்புள்ளிகள் இருக்காது. இதுதான் பெரிஓரல் டெர்மடைட்டிஸ்.

என் அத்தை மகளுக்கு வந்தது இப்படித்தான். மூக்கோரம் தோல் உரிந்ததற்கு, மருந்துக்கடையில் கேட்டு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூசினாள். இரண்டே நாளில் முகம் பளிச். நிறுத்தியதும் முன்னைவிட மோசம். மறைக்க ஃபவுண்டேஷன், எரிச்சலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி, இரவில் தேங்காய் எண்ணெய்.

முதல் வழி, அந்த க்ரீமையே தொடர்வது. உடனே அடங்குவதால்தான் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பை அமுக்குகிறதே தவிர நோயைத் தீர்ப்பதில்லை. நாளாக ஆகத் தோல் மெலிந்து, பூசாவிட்டால் பொரி கிளம்பும் நிலை வந்துவிடும். இதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கமாட்டேன்.

இரண்டாவது, எல்லாவற்றையும் நிறுத்துவது. ஸ்டீராய்டு, மேக்கப், எண்ணெய், கனமான மாய்ஸ்சரைசர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், தேவைப்பட்டால் வாசனையில்லாத மென்மையான க்ளென்சர், அவ்வளவுதான். லேசான பொரிக்கு இதுவே போதும், செலவும் இல்லை. கஷ்டம் தொடக்கத்தில்தான்: சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை முகம் இன்னும் சிவக்கும். பலர் பயந்துபோய் மறுபடி ட்யூபை எடுப்பது அப்போதுதான். முழுதாக அடங்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்.

மூன்றாவது, அதே நிறுத்தத்தோடு தோல் மருத்துவர் தரும் மருந்து. மெட்ரோனிடசோல் ஜெல், ஸ்டீராய்டால் வந்ததென்றால் பிமெக்ரோலிமஸ் க்ரீம், பரவலாக இருந்தால் சில வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. வேகம் கூடும், ஆனால் ஸ்டீராய்டை விடாமல் இதை மட்டும் சேர்த்தால் பொரி திரும்பி வரும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்ஸிசைக்ளின் பொதுவாகத் தருவதில்லை.

என் கணக்கு இது: ஓரிரு வாரம்தான் பூசியிருந்து, பொரியும் கொஞ்சமென்றால் இரண்டாவது வழி. மாதக்கணக்கில் வீரியமான க்ரீம் பூசியிருந்தால் நேராக மூன்றாவது. அப்போது சட்டென நிறுத்துவதா, வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாறி மெல்ல விடுவதா என்பதை மருத்துவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அத்தை மகளுக்கு அப்படித்தான் மெல்லக் குறைத்தார்கள். ஆனால் விளிம்பு தடித்து வட்டமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம், மஞ்சள் பொருக்கு கட்டினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அப்போது காத்திருக்கவே வேண்டாம்.

அடங்கிய பிறகு முதலில் லேசான சன்ஸ்கிரீன் மட்டும். ஓரிரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்த பொருள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால், பொரி திரும்பும்போது எது காரணம் என்றே தெரியாது.