செங்கல்லா, சாம்பல் கல்லா? எங்கள் வீட்டுக்கு நாங்கள் பார்த்த கணக்கு

போன வருடம் வீடு கட்டும்போது அனல் மின் நிலையச் சாம்பலையும் சிமென்ட்டையும் சேர்த்து வார்க்கும் ஃபிளை ஆஷ் கல்லை, அதாவது சாம்பல் கல்லைத்தான் எடுத்தோம். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

விலை, அளவு ஒரே சீராக இருப்பது, பூச்சுக் கலவை மிச்சமாவது எல்லாம் தெரிந்த கதை. வலிமைக்கு வருவோம். சாம்பல் கல் பொதுவாகச் சதுர செ.மீ.க்கு 75 கிலோ தாங்க வேண்டும் என்று பார்த்து வாங்குவார்கள். நாட்டுச் செங்கலில் 35 கிலோ மட்டுமே தாங்கும் கல்லும் உண்டு, சேம்பர் சூளையில் நன்றாக வெந்த செங்கல்லில் 100 தாண்டுவதும் உண்டு. ஒரு மாடி வீட்டின் ஒன்பது அங்குலச் சுவரில் விழும் பாரம் சதுர செ.மீ.க்குச் சுமார் 3 கிலோதான். ஆனால் கலவையும் கட்டுவேலையும் சேரும்போது சுவரின் வலிமை கல்லின் வலிமையைவிட வெகுவாகக் குறையும். அதனால்தான் இவ்வளவு கூடுதலாக எதிர்பார்க்கிறோம்.

செங்கல்லின் வலிமை சூளையிலேயே முடிந்துவிடும். சாம்பல் கல் அப்படியில்லை. சாம்பலும் சிமென்ட்டிலிருந்து வரும் சுண்ணாம்பும் ஈரத்தில் மெதுவாகச் சேர்ந்துதான் அது இறுகுகிறது. பாதியில் காய்ந்தால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும்.

எங்களுக்கு வந்த முதல் லோடு அப்படித்தான். இறக்கும்போதே மூலைகள் உதிர்ந்தன, ஆணியால் கீறினால் பள்ளம் விழுந்தது. ஐந்து கல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதனைக்குக் கொடுத்தோம். ஒரு கல் 10 டன்னில் உடைந்தது. 23க்கு 11 செ.மீ. கல், அதாவது 253 சதுர செ.மீ. வகுத்தால் 40 கிலோகூட இல்லை. மற்ற நான்கும் ஏறக்குறைய அதே கதைதான். விசாரித்தால், வார்த்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிய கல்லாகக் கேட்டு வாங்கினோம். அது 20 டன் தாங்கியது, கிட்டத்தட்ட 79 கிலோ. இரண்டு கல்லைத் தட்டினால் ணங்கென்று சத்தம் வந்தது. இப்படி முழுதாக இறுகாத பச்சைக் கல்லில் கட்டினால் சுவரில் இருந்தபடியே சுருங்கி, பூச்சிலும் விரிசல் விடும். என் நிபந்தனை இதுதான்: வார்த்த தேதி கேளுங்கள், 28 நாள் ஆகாத கல்லை இறக்க விடாதீர்கள்.

பிளாஸ்டிக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக்கை உருக்கி மணலோடு சேர்த்து வார்த்த கல்லை நடைபாதையில்தான் பார்த்திருக்கிறேன், சுவர் கட்டிப் பார்த்ததில்லை. அழுத்தினால் சட்டென்று உடையாது, நசுங்கிக்கொண்டே போகும். அதனால் சோதனையில் நல்ல எண் வரலாம். ஆனால் இயந்திரம் சில நிமிடம்தான் அழுத்துகிறது, சுவரோ வருடக்கணக்கில் சுமக்கிறது. நீண்ட காலப் பாரத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்குலையும், வெயில் சூட்டில் இன்னும் வேகமாக. பைகள் செய்யும் பாலித்தீன் 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், தீப்பிடித்தால் சுவர் நிற்காது. வழுவழுப்பான முகத்தில் பூச்சும் சரியாகப் பிடிக்காது. தோட்டத்துப் பாதைக்குப் போடலாம், தளம் தாங்கும் சுவருக்கு வேண்டாம்.

சாம்பல் கல் சரியான பதத்தில் கிடைக்காத ஊரென்றால், நன்றாக வெந்த சேம்பர் கல்லையே எடுங்கள்.