தமிழ்99 ஸ்டிக்கர்: ஆங்கிலம் பெரிதா, தமிழ் பெரிதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு டைப் அடிக்கிற கடை எங்களுடையது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்கத் தமிழ், நடுநடுவே ஈமெயில், பாஸ்வேர்டு என்று ஆங்கிலம். புதிதாக வேலைக்கு வந்த தங்கச்சிக்கு ஆங்கிலக் கீபோர்டு கைப்பழக்கம், தமிழ்99 என்கிற தமிழ்க் கீபோர்டு அமைப்பு தெரியாது. அதனால் எல்லாக் கீபோர்டிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான், எந்த மாதிரி எழுத்து என்ற கேள்வி வந்தது. கடையில் கிடைக்கிற ஷீட்டையும் ஒட்டிப் பார்த்தேன், நாங்களே வடிவமைத்துப் புதுச்சேரியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் அச்சடித்ததையும் ஒட்டிப் பார்த்தேன். இப்போது எல்லா மெஷினிலும் இருப்பது இரண்டாவது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வகை எல்லோரும் பார்த்ததுதான். இடது மேல் மூலையில் ஆங்கில எழுத்து பெரிதாக, வலது கீழ் மூலையில் தமிழ் சிறிதாக, பெரும்பாலும் மஞ்சளிலோ சிவப்பிலோ இருக்கும். உடனே கிடைக்கும், விலையும் குறைவு, வாங்கி ஒட்டினால் வேலை முடிந்தது. வீட்டில் பிள்ளைகள் முதன்முதலாக ஆங்கிலம் டைப் பழகுகிறார்கள் என்றால் இதையே வாங்குங்கள், மேலே படிக்க வேண்டாம்.

இரண்டாவது வகையில் தமிழ் கீழே ஸ்டிக்கரின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும், ஆங்கிலம் மேலே ஓர் ஓரத்தில் சிறிதாக உட்கார்ந்திருக்கும். மூன்றாவதாக ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் தமிழை மட்டும் அச்சடித்து, கீயில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தின் பக்கத்தில் வருகிற மாதிரி ஒட்டுவதும் உண்டு. கீழே விளக்கு எரியும் லேப்டாப்புக்கு அதுதான் வழி. ஒரே ஒரு லேப்டாப்பில்தான் ஒட்டியிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.

முதல் இரண்டுக்கும் நடுவே முடிவு செய்கிற விஷயம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: சுழி.

சாதாரண டெஸ்க்டாப் கீபோர்டு ஸ்டிக்கர் சுமாராக 11 மி.மீ. அகலம், 13 மி.மீ. உயரம். வெட்டும்போது கொஞ்சம் நகரும் என்பதால் நான்கு பக்கமும் முக்கால் மி.மீ. விட்டுவிட வேண்டும். மிச்சம் 9.5க்கு 11.5. இதை முதல் வகையில் மூலைக்கு மூலை பிரித்தால் தமிழுக்குக் கிடைப்பது நாலரை மி.மீ. அகலம்தான். ஆங்கில A அந்த இடத்தில் ராஜா மாதிரி உட்காரும். ஆனால் மூன்று சுழி ண அகலமான எழுத்து, உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். நாலரை மி.மீ. அகலத்தில் அடைத்தால் உயரம் 3 மி.மீ. ஆகிவிடும். அந்த எழுத்தைக் குறுக்கே பார்த்தால் கோடு, வெற்றிடம், கோடு, வெற்றிடம் என்று மாறி மாறி எட்டொன்பது முறை வரும். ஆக ஒவ்வொன்றுக்கும் அரை மி.மீ.தான் கிடைக்கும். மை ஒவ்வொரு ஓரத்திலும் 0.1 மி.மீ. பரவினால் போதும், அரை மி.மீ. சுழி 0.3 ஆகிவிடும். அப்புறம் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று கை நீட்டும் தூரத்தில் இருந்து யாராலும் சொல்ல முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், தமிழ்99இல் குழம்புகிற எழுத்துகள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ன I கீயில், ண அதற்கு ஒரு கீ தள்ளி P கீயில். எ G கீயில் என்றால் ஏ அதற்கு மேலேயே T கீயில். ஒ C கீயில், ஓ அதை ஒட்டி X கீயில். குறிலையும் நெடிலையும் அருகருகே வைத்தது பழகிய பிறகு பெரிய வசதிதான், ஆனால் பழகுகிற ஆளுக்கு எழுத்தின் அடியில் இருக்கிற அந்தச் சின்னக் கோடும் அந்தச் சின்னச் சுழிப்பும் தெரிந்தாக வேண்டும். இ, ஈ பிரச்சினை இல்லை, உருவமே வேறு. உ, ஊ பிரச்சினை இல்லை.

எங்கள் கடையில் இது விளையாட்டு விஷயம் இல்லை. சர்வே எண் என்று வர வேண்டிய இடத்தில் சர்வே என் என்று வந்தால் மனு கொடுத்தவர் திரும்பி வருவார். அதனால் எந்த ஸ்டிக்கரை ஒட்டினாலும் புது ஆளை உட்காரவைத்து "ஏன் என் எண்" என்று அடிக்கச் சொல்வேன். எ, ஏ, ன, ண நான்கும் அதில் இருக்கின்றன. கடையில் வாங்கிய ஷீட்டில் தங்கச்சி ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தது. எங்கள் ஷீட்டில் குனியவில்லை.

எங்கள் ஷீட்டின் கணக்கு இது. 11.5 மி.மீ. உயரத்தில் மேலே 3 மி.மீ. ஒரு பட்டை, 1 மி.மீ. இடைவெளி, கீழே மிச்சம் உள்ள ஏழரை மி.மீ. தமிழுக்கு. இப்போது ண 9 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரம் வருகிறது, கோடும் சுழியும் ஆளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிறது. மை கொஞ்சம் பரவினாலும் தாங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து மேல் பட்டையில் 2.5 மி.மீ. உயரத்தில் நின்றாலும் படிக்க முடிகிறது, ஏனென்றால் அதற்குள் அடைபட ஒன்றும் இல்லை. அதோடு அதைத் தேடுகிறவர்களும் குறைவு. QWERTY இருக்கும் இடம் விரலுக்கே தெரிகிற ஆள்தான் தமிழைத் தேடிக் கீழே பார்க்கிறார்.

மேல் பட்டையின் வலது பாதி கிரந்தத்துக்கு. தமிழ்99இல் ஷிப்ட் போட்டால் Q முதல் Y வரை வரிசையாக ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ வரும். இவை சிறிதாகப் போய்விடுமே என்று முதலில் யோசனையாக இருந்தது. ஆனால் ஸ்ரீக்கு இரட்டை கிடையாது, மங்கலாகத் தெரிந்தாலும் அது ஸ்ரீதான். சிறிதாக்கினால் அடி வாங்குவது ஜோடி உள்ள எழுத்துகள் மட்டுமே.

எழுத்துகளை எல்லாம் ஒரே பாயின்ட் அளவில் போடவும் கூடாது. ஔ மிக அகலம், ர ஒல்லி, ழ கீழே இறங்கும். ஒவ்வொன்றையும் அந்த 9.5க்கு ஏழரைப் பெட்டிக்குள் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். அப்படிச் சுருக்கும்போது ஔவின் கோடும் சேர்ந்து மெலியும், பக்கத்துக் கீயோடு பார்த்தால் நோஞ்சானாகத் தெரியும். அதற்காகத்தான் பல கனங்களில் வருகிற ஃபான்ட் வேண்டும். Noto Sans Tamil மெல்லியதில் இருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்களில் கிடைக்கிறது, இலவசம். மற்ற எழுத்துக்கு Medium என்றால் ஔவுக்கு மட்டும் SemiBold. பத்திரிகைத் தலைப்பு மாதிரி ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிகிற ஃபான்ட் இந்த அளவில் வேண்டாம், மெல்லிய இடம் அச்சில் அறுந்துவிடும்.

கனத்தை முடிவு செய்யும் முன் ஸ்டிக்கர் கடையில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கறுப்பு வினைலில் வெள்ளை மையா, வெள்ளை வினைலில் சுற்றிலும் கறுப்பு மையா? ஒட்டின பிறகு இரண்டும் ஒரே மாதிரி கறுப்புக் கீயில் வெள்ளை எழுத்துதான், ஆனால் கெட்டுப்போகிற விதம் நேர் எதிர். வெள்ளை மை அச்சாகிறது என்றால் எழுத்து பருக்கும், சுழி அடைபடும், ஆகவே ஒரு கனம் குறைத்துக் கொடுக்க வேண்டும். சுற்றிலும் கறுப்பு அச்சாகிறது என்றால் எழுத்து ஒல்லியாகும், ஏ-யின் கோடு காணாமல் போகும், ஆகவே ஒரு கனம் கூட்ட வேண்டும். எங்களுக்கு இரண்டாவது முறையில் அச்சடித்தார்கள், மேலே சொன்ன Medium அதற்காகவே Regular-இல் இருந்து ஏற்றியது.

F கீ தனிக்கதை. அங்கேதான் புள்ளி இருக்கிறது, ஷிப்டில் ஃ. ஃபான்டில் புள்ளியைத் தனியாக அடித்தால் கீழே புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் சேர்ந்து வரும். ஸ்கிரீனில் சரி, ஸ்டிக்கரில் அது ஒரு அழுக்குத் திட்டு, நிஜப் புள்ளி எது என்றே தெரியாது. கடை ஷீட்டில் அப்படியே விட்டிருந்தார்கள். நாங்கள் அந்த வட்டத்தை நீக்கிவிட்டு, நடுவே 2 மி.மீ. அகலத்தில் ஒரே ஒரு கெட்டியான புள்ளி வைத்தோம்.

கடை ஷீட்டில் இன்னொரு குறை, ச இருக்கும் கீயில் [ மட்டும் போட்டு { விட்டுவிடுவது. தமிழ்99இல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் குறியீட்டுக் கீகளில் இருப்பதால் அங்கே மூன்று குறிகள் இடம் கேட்கும். வாடிக்கையாளர் பாஸ்வேர்டு சொல்லும்போதுதான் இது உறைக்கும். மேல் பட்டையில் [ { இரண்டையும் அருகருகே வைத்தால் சரியாக அடங்குகிறது. ; : ' " நான்கையும் மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கறுப்புக் கீ என்றால் தமிழ் வெள்ளை, ஆங்கிலம் மஞ்சள். கறுப்பின் மேல் சிவப்பும் நீலமும் சாயங்காலம் டியூப் லைட்டில் அமுங்கிவிடும். லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும், பளபளப்பு போட்டால் அதே டியூப் லைட் கீயில் தெரியும்.

இவ்வளவும் பழைய டைப்ரைட்டர் அமைப்புக்குப் பொருந்தாது. அதில் ஷிப்ட் இல்லாமல் ஒரு எழுத்து, ஷிப்டில் கு, து, மு என்று இன்னொன்று, ஆக ஆங்கிலத்தோடு சேர்த்து பெரும்பாலான கீகளில் மூன்று உருவம் வரும். அதில் தேர்ச்சி பெற்று வந்தவர்கள் பொதுவாகக் கீயைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாக வேண்டும் என்றால் ஆங்கிலத்தை ஸ்டிக்கரில் இருந்து எடுத்துவிட்டு இரண்டு தமிழை மேலும் கீழுமாக வைப்பதே சரிவரும் என்று நினைக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுங்கள். பிரின்ட் பண்ணும்போது Fit to page அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு மாறும், தாளில் ஸ்கேல் வைத்து 11 மி.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். நறுக்கி G, T, I, P, C, X ஆறு கீயில் மட்டும் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு எழுத்துகளை ஃபான்ட் தேவைப்படாத வெறும் உருவமாக, அதாவது curves ஆக மாற்றி PDF ஆகக் கொடுங்கள், கடைக்காரர் கணினியில் அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லையென்றால் ஸ்ரீ உடைந்து ஸ், ரீ என்று இரண்டாகிவிடும்.

ஷீட்டில் மிச்ச இடம் இருந்தால் F, H, L மூன்றையும் இரண்டு மூன்று பிரதி கூடுதலாகப் போட்டுவைப்பது நல்லது. புள்ளி, க, த மூன்றும்தான் எங்கள் கடையில் முதலில் தேய்கின்றன. கடற்கரை ஊர் ஈரத்தில் பசை நெகிழ்ந்து ஓரம் கிளம்புவதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.