ஒருமுறை சொன்னது நிரந்தரக் குறிப்பாகும்போது: நினைவு வசதியின் மூன்று வகைகள்

தரவுத்தளப் பணியில் பல ஆண்டுகள் பழகிய ஒருவர், தம் அக்கா மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, லூப் என்றால் என்ன என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்குமாறு ஒரு சாட்பாட்டிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் கிடைக்கிறது, பையனுக்கும் புரிந்துவிடுகிறது. சில வாரங்கள் கழித்து அவர் தம் அலுவல் தொடர்பாக, email பத்திக்கு இன்டெக்ஸ் இருந்தும், தரவுத்தளத்தில் தகவலைத் தேடும் கீழுள்ள குவெரி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அதே சாட்பாட்டிடம் கேட்கிறார்.

```sql
SELECT * FROM users
WHERE lower(email) = 'a@example.com';
```

இன்டெக்ஸ் என்பது நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் போன்றது என்று தொடங்கும் பதில், email பத்திக்கு ஓர் இன்டெக்ஸ் உருவாக்கினால் தேடல் விரைவாகும் என்று முடிகிறது. பொதுவாகப் பார்த்தால் இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அவருக்கு வேண்டிய செய்தி இதில் இல்லவே இல்லை: ஏற்கெனவே உள்ள இன்டெக்ஸ், மின்னஞ்சல் முகவரிகளை எழுதப்பட்டபடியே வைத்திருக்கிறது, குவெரியோ lower() வழியாகச் சிற்றெழுத்தாக மாற்றப்பட்ட மதிப்பைத் தேடுகிறது, ஆகவே போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் அந்த மாற்றப்பட்ட மதிப்பின் மேலேயே தனி இன்டெக்ஸ் அமைக்க வேண்டும்.

```sql
CREATE INDEX ON users (lower(email));
```

இந்தப் பிழையின் தொல்லையே அது சத்தமில்லாமல் நிகழ்வதுதான். தவறான தகவல் வந்திருந்தால் அவர் உடனே கண்டுபிடித்திருப்பார். மேலோட்டமான பதில் வரும்போதோ, இந்தக் கருவிக்கு இவ்வளவுதான் தெரியும் போலும் என்று எண்ணி விட்டுவிடுகிறார். பின்னணியில் நடந்தது வேறு. முதல் உரையாடலிலிருந்து, "பயனர் நிரலாக்கத்தில் தொடக்க நிலையில் உள்ளவர், எளிய விளக்கங்களையே விரும்புகிறார்" என்ற குறிப்பு சேமிக்கப்பட்டிருந்தது. யாருக்காகக் கேட்டார், எதைப் பற்றிக் கேட்டார், எந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டார் என்ற மூன்று அடைகளும் சுருக்கத்தில் உதிர்ந்துபோய், எஞ்சியது ஒரு மனிதரைப் பற்றிய நிரந்தரத் தீர்ப்பு.

பழைய உரையாடல்களில் தெரிந்துகொண்டதைப் புதிய உரையாடல்களிலும் சாட்பாட் பயன்படுத்த உதவும் நினைவு வசதியை அமைப்பதற்கு இன்று பரவலாக உள்ள வழிகளை இந்த ஒரு பிழையை வைத்தே ஒப்பிட்டால், அவற்றின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

முதல் வகை, உரையாடல்களிலிருந்து தானாகக் குறிப்பெடுத்து, அந்தக் குறிப்புகளை ஒவ்வொரு புதிய உரையாடலிலும், சாட்பாட்டுக்குப் பின்னாலிருந்து பதிலை உருவாக்கும் மாடலின் முன் வைப்பது. மேலே கண்ட பிழைக்கு இதுவே தாய்வீடு. குறிப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் அடைகள் வெட்டப்படுகின்றன; கேள்விக்குத் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பு முன்னால் வைக்கப்படுகிறது; முன்னால் வைக்கப்பட்ட எதையும் பயன்படுத்தவே மாடல் முனைகிறது. இதைவிட மோசமானது, பிழை தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்வதாகும். எளிய பதிலைப் பெற்றவர் மறுப்புச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனால், அந்த உரையாடலும் எளிய விளக்கங்கள் நிறைந்ததாகவே பதிவாகிறது; அடுத்த முறை குறிப்பெடுக்கும் அமைப்பு அதைப் படித்து, இவர் இப்படித்தான் விரும்புகிறார் என்பதற்கு இன்னொரு சான்று கிடைத்ததாகக் கொள்ளக்கூடும். அந்தச் சான்றை உண்டாக்கியது பழைய குறிப்புதான் என்பது அதற்குத் தெரியாது.

திருத்தப் போனால் மறுபக்கம் சாய்வதும் உண்டு. "நான் தொடக்க நிலையில் இல்லை" என்று எரிச்சலோடு ஒரு வரி எழுதினால், "பயனர் நிபுணர், அடிப்படைகளை விளக்க வேண்டாம்" என்று புதுக் குறிப்பு உருவாகலாம். பிறகு அவர் தமக்குப் பழக்கமே இல்லாத வரிச் சட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் விளக்கமில்லாத கலைச்சொற்களே வந்து விழும். குறிப்பு மாறியது, அளவுமீறிப் பொதுமைப்படுத்தும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வகை, குறிப்பு எதையும் முன்கூட்டியே எழுதி வைக்காமல், தேவைப்படும்போது பழைய உரையாடல்களில் தேடி, பொருத்தமான பகுதிகளை எடுத்துவருவது. என் கணிப்பில், இந்தக் குறிப்பிட்ட பிழையைப் பொறுத்தவரை இது முதல் வகையைவிட மேலானது. ஏனெனில் எடுத்துவரப்படுவது மூல வாக்கியம். "பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி" என்ற சொற்கள் உடன் வரும்போது, இது வேறொருவருக்காகக் கேட்கப்பட்டது என்று மாடல் உணர வாய்ப்பிருக்கிறது. இன்டெக்ஸ் பற்றிய கேள்விக்கு லூப் பற்றிய பழைய உரையாடல் வராமலே போகவும் கூடும். ஆயினும் இத்தகைய தேடல் பெரும்பாலும் பொருள் நெருக்கத்தை அளந்து நடக்கிறது. நெருக்கம் வேறு, பொருத்தம் வேறு. அந்தப் பையனுக்காகத் தரவுத்தளம் என்றால் என்ன என்றும் அவர் ஒருமுறை கேட்டிருந்தால், அந்தப் பகுதி முன்னால் வந்து நிற்கக்கூடும். எடுக்கப்படும் துண்டு சிறியதாக இருந்தாலோ, பிள்ளைக்காக என்று சொன்ன வரி அடுத்த துண்டில் மாட்டிக்கொண்டு, எளிய விளக்கம் மட்டும் தனியே வந்து சேரும்.

சில கருவிகள் இந்த இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. சாட்ஜிபிடியில் 2024 பிப்ரவரியில் சேமிக்கப்படும் குறிப்புகள் சோதனையாக அறிமுகமாயின. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. அத்தகைய அமைப்பில், குறிப்பை அழித்தாலும் அது பிறந்த உரையாடல் இருக்கும். உரையாடலை அழித்தாலும் குறிப்பு இருக்கும். இரண்டையும் அழித்தால்தான் அந்தச் செய்தி முழுமையாக நீங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது வகை, பயனரே தம் கையால் எழுதிவைக்கும் நிலையான அறிவுறுத்தல். தானாக எதுவும் சேராததால் போகிறபோக்கில் சொன்னது நிரந்தரமாகும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. இதன் குறை, எழுதும் சோம்பல். அதோடு, நாமே நம்மைப் பற்றி அளவுமீறிப் பொதுமைப்படுத்தி எழுதிவிடுவதும் உண்டு. "சுருக்கமாகப் பதில் சொல்" என்று எழுதிவிட்டு, ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளை அலசும்போதும் மூன்று வரியே வருகிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். "நிரலாக்கக் கேள்விகளில் அடிப்படைகளைத் தவிர், பிற துறைகளில் என் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்" என்று எல்லை கட்டி எழுதப்பட்ட குறிப்பு நெடுநாள் தாங்கும். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என நினைவைத் தனித்தனிப் பிரிவுகளாக வைக்கும் வசதி இருந்தால் அதை எந்த வகையோடும் சேர்த்துக்கொள்ளலாம். அது பிழையை ஒழிக்காது, ஆனால் பரவ விடாது.

ஆகவே, தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஒரே கணக்கைப் பயன்படுத்துபவருக்கு மூன்றாவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே பணியை நீண்ட காலம் தொடர்பவருக்கு இரண்டாவது வசதியானது. முதலாவதை வைத்துக்கொள்பவர், குறிப்புப் பட்டியலை அவ்வப்போது திறந்து, 'எப்போதும்', 'விரும்புகிறார்' போன்ற சொற்கள் உள்ள வரிகளை மட்டுமாவது சரிபார்ப்பது நல்லது.

பதில் வளைந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், அதே கேள்வியை, எழுத்து மாறாமல், நினைவு அணைக்கப்பட்ட தற்காலிக உரையாடலில் கேட்டுப் பார்க்கலாம். மாடலின் பதில் இயல்பாகவே முறைக்கு முறை சற்று மாறும் என்பதால், ஒவ்வொரு பக்கமும் மூன்று முறையாவது கேட்க வேண்டும். நினைவு உள்ள பக்கம் ஒவ்வொரு முறையும் சொல்லடைவு உவமையோடு தொடங்கி, நினைவற்ற பக்கம் ஒவ்வொரு முறையும் lower() மீது விரல் வைத்தால், காரணம் நினைவில்தான் இருக்கிறது. எந்தக் குறிப்பு என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குச் சந்தேகத்துக்குரிய வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு நீக்கத்துக்குப் பின்னும் அந்தக் கேள்வியைப் புதிய உரையாடலில் மறுபடி கேட்க வேண்டும். பழைய உரையாடலிலேயே கேட்டால், மேலே கிடக்கும் எளிய பதில்களே அடுத்த பதிலையும் அதே பக்கம் இழுத்துவிடும்.