அம்மாவின் ஒருநாள் உணவை மூன்று கூட்டுத்தொகைகளில் பார்க்கும் தாள்: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

தக்கலை அருகே உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் ஒருநாள் உணவைக் கணினித் தாளில் திட்டமிட்டு, அதன் கலோரி, புரதம், செலவு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் சில ஆண்டுகளாகத் தொடர்கிறது. அறுபது வயதைக் கடந்த அம்மாவின் எடை 55 கிலோ. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்ற பரிந்துரையின்படி அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் தேவை. அந்த அளவு கிடைக்கிறதா, எவ்வளவு செலவில் கிடைக்கிறது என்பதை அறியவே இந்தத் தாள் வீட்டிற்குள் வந்தது.

தாளில் இரண்டு பக்கங்கள் உள்ளன. ‘உணவு’ என்ற பக்கத்தில் பொருளின் பெயர், 100 கிராமுக்கான கலோரி, 100 கிராமுக்கான புரதம், உண்ணும் பகுதியின் விகிதம், கிலோ விலை ஆகிய ஐந்து நெடுவரிசைகள் இருக்கின்றன. ‘நாள்’ என்ற பக்கத்தில் அன்றைய பொருளின் பெயரையும் வாங்கிய எடையையும் மட்டுமே நான் எழுதுகிறேன். மற்றவற்றைச் சூத்திரம் நிரப்பிக்கொள்கிறது. சத்து மதிப்புகளை, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அட்டவணை ஆற்றலைக் கிலோஜூலில் தருகிறது, 4.184 ஆல் வகுத்தால்தான் நாம் பேசும் கலோரி கிடைக்கும். இதைக் கவனியாமல் படியெடுத்த தாள்கள் பலரிடம் உலவுகின்றன. கண்டுபிடிப்பது எளிது: தூய எண்ணெய்க்கே 100 கிராமுக்கு 900 கலோரிதான் என்பதால், அதற்கு மேற்பட்ட எண் எந்த வரிசையில் தென்பட்டாலும் அது கிலோஜூலாகத்தான் இருக்க முடியும்.

இந்தத் தாளை நம்பத்தக்கதாக ஆக்கியது எதுவென்று கேட்டால், விகிதம் எழுதப்பட்டுள்ள அந்த நான்காவது நெடுவரிசையையே சொல்வேன். அட்டவணையில் உள்ள மதிப்புகள் ஏறத்தாழ அனைத்தும், கழிவு நீக்கிய, சமைக்காத பொருளின் 100 கிராமுக்கு உரியவை. சந்தையில் நாம் பணம் கொடுப்பதோ தலை, செதில், குடல், தோல், ஓடு எல்லாம் சேர்ந்த எடைக்கு. ஆகவே செலவை வாங்கிய எடையிலிருந்தும், சத்தை உண்ணும் எடையிலிருந்தும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைத்த, நான் முதலில் பார்த்த தாளில் ஒரே எடைதான் இருந்தது. அரிசிக்கும் பயறுக்கும் அதனால் குறையில்லை. மீன், தேங்காய், மரச்சீனி, பழம் என்று வந்தவுடன் கணக்கு உண்மையைவிட்டு விலகிவிடுகிறது.

```
C2: =B2*VLOOKUP(A2,'உணவு'!$A:$E,4,FALSE)
D2: =C2/100*VLOOKUP(A2,'உணவு'!$A:$E,2,FALSE)
E2: =C2/100*VLOOKUP(A2,'உணவு'!$A:$E,3,FALSE)
F2: =B2/1000*VLOOKUP(A2,'உணவு'!$A:$E,5,FALSE)
```

இவை ‘நாள்’ பக்கத்தின் சூத்திரங்கள். இதில் A பொருளின் பெயர், B கிராமில் வாங்கிய எடை, C உண்ணும் எடை, D கலோரி, E புரதம், F செலவு. `VLOOKUP` என்பது அந்தப் பெயரை ‘உணவு’ பக்கத்தில் தேடி, அதற்குரிய மதிப்பை எடுத்துவருகிறது. கலோரியும் புரதமும் C-யிலிருந்து பிறக்கின்றன. செலவு மட்டும் B-யிலிருந்து பிறக்கிறது. இறுதியில் உள்ள `FALSE` என்பதை விட்டுவிட்டால், தாள் பெயரைத் துல்லியமாகப் பொருத்தாமல் அருகிலுள்ள வேறொரு பொருளின் மதிப்பை எடுத்துவந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த ஆயத்தத் தாளில் பிழை வந்தால் பூச்சியம் இடும்படி, சூத்திரத்தைச் சுற்றி `IFERROR(...,0)` என்று எழுதியிருந்தார்கள். பார்வைக்கு அது சுத்தமாக இருந்தாலும், ‘சாளை’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தால்கூட அந்த மீனின் புரதம் பூச்சியமாகி, கூட்டுத்தொகை சத்தமின்றிக் குறைந்துவிடும். `#N/A` என்று அசிங்கமாகத் தெரிவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெயரைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டால் அந்தச் சிக்கலும் பெரும்பாலும் எழாது.

விகிதத்தை எங்கிருந்து பெறுவது? வீட்டுத் தராசிலிருந்துதான். சாளையை வாங்கியவுடன் ஒருமுறையும், வெட்டிக் கழுவியபின் ஒருமுறையும், உண்டு முடித்தபின் தட்டில் மிஞ்சிய முள்ளை ஒருமுறையும் நிறுத்தால் போதும். எங்கள் வீட்டில் அது 0.6 என்று அமைந்தது. முழு நெத்திலியைத் தலை மட்டும் கிள்ளி வறுக்கும் வீட்டில் இது வெகுவாகக் கூடும். பெரிய மீனைத் துண்டாக வாங்குவோருக்கும் கூடும். உரித்த தேங்காயில் சிரட்டையும் நீரும் போக ஏறத்தாழப் பாதிதான் பருப்பு என்பதால் அதற்கு 0.5 வைத்திருக்கிறேன். இந்த எண்களைப் பிறர் தாளிலிருந்து கடன் வாங்குவதில் பயனில்லை. அவரவர் வெட்டும் முறையே அதைத் தீர்மானிக்கிறது.

அம்மாவின் வழக்கமான ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். காலையில் புட்டும் பயறும், மதியம் சோறும் சாளைக் குழம்பும் கீரையும், மாலையில் பால் சேர்த்த தேநீரும் இரண்டு மட்டிப்பழமும், இரவில் கஞ்சியும் பயறும். அரிசி மூன்று வேளைக்கும் சேர்த்து 210 கிராம், அதிலிருந்து 16.6 கிராம் புரதம் வருகிறது. சிறுபயறு 60 கிராம் 13.5 கிராம் புரதத்தையும், நாள் முழுவதற்குமான பால் 200 கிராம் 6.5 கிராமையும் தருகின்றன. வாங்கிய எடையில் 150 கிராம் சாளை, உண்ணும் எடையில் 90 கிராமாகி, 100 கிராமுக்கு 18 என்ற கணக்கில் 16.2 கிராம் தருகிறது. தேங்காய், தேங்காய் எண்ணெய், கீரை, பழம், சர்க்கரை ஆகியவற்றையும் சேர்த்தால் நாளின் மொத்தம் 1642 கலோரி, 58.7 கிராம் புரதம். சாளை கிலோ 200 ரூபாய், அரிசி 50, பயறு 120 என்ற விலைகளில் செலவு ஏறத்தாழ 87 ரூபாய். சாளைக்கு விகிதம் பார்க்காத தாள் இதே நாளுக்கு 69.5 கிராம் புரதம் என்று காட்டியிருக்கும், இல்லாத 10.8 கிராமை இருப்பதாக நம்பி, மறுநாள் பயறைக் குறைக்கவும் நேர்ந்திருக்கும்.

இந்த 87 ரூபாயில் 30 ரூபாய் மீனுக்கே போகிறது என்பதைத் தாள் தெளிவாகக் காட்டுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும்போது குளச்சல் பக்கத்து வரத்து சுருங்கிவிடுகிறது. சாளை 400 ரூபாயைத் தொட்டால் அதே உணவு 117 ரூபாயாகிறது. மீனை அடியோடு நீக்கிவிட்டாலோ புரதம் 42.5 கிராமாக இறங்கித் தேவைக்குக் கீழே போகிறது.

இங்கே தாளின் ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். அது கிராமைக் கூட்டுகிறதே தவிரப் புரதத்தின் தரத்தைக் கூட்டுவதில்லை. கிலோவுக்கு 0.83 என்ற அளவு தரமான புரதத்துக்கு உரியது. மீன் இல்லாமல் அரிசியையே பெரிதும் சார்ந்திருக்கும் நாட்களில் நான் கிலோவுக்கு ஒரு கிராம், அதாவது 55 கிராம் என்று இலக்கை உயர்த்திக்கொள்கிறேன். அதற்குப் பயறை 30 கிராம் கூட்டி, ஒரு முட்டையும் சேர்த்தால் 55.8 கிராம் வருகிறது. கலோரி 1663, முட்டையை 7 ரூபாய் என்று வைத்தால் செலவு 68 ரூபாய்க்குள் அடங்குகிறது. அரிசியும் பயறும் ஒன்றிலுள்ள குறையை மற்றொன்று ஈடுசெய்பவை என்பதால் இந்த மாற்று வெறும் எண்ணிக்கை நிரப்பலும் அன்று. ஆனால் இரவுக் கஞ்சிக்குப் பதில் மரச்சீனியை வைத்தால் இந்தச் சமநிலை குலைகிறது; அதில் 100 கிராமுக்கு 1 கிராம் அளவே புரதம் உண்டு. மரச்சீனி வேண்டும் என்று அம்மா கேட்கும் நாளில் அதனுடன் மீனோ முட்டையோ கட்டாயம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

சமைத்தபின் பங்கிடுவதுதான் அன்றாடத்தில் அதிகக் கவனம் கேட்கும் வேலை. 100 கிராம் அரிசி வெந்து சோறானபின் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாகிவிடும். சோற்றின் எடையை அரிசியின் வரிசையில் எழுதினால் கலோரியும் மூன்று மடங்காகும். எனவே உலையில் இட்ட அரிசியின் எடையைக் குறித்துக்கொண்டு, வடித்த சோறு முழுவதையும் நிறுத்து, அம்மாவின் தட்டுக்குப் போனது அதில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கை அரிசியின் எடைக்குப் பொருத்துகிறேன். குழம்பில் இந்த முறை பாதிக்குத்தான் உதவும். மசாலாவும் தேங்காயும் சாற்றில் கரைந்திருப்பதால் அவற்றை எடைப் பங்கால் பிரிக்கலாம். மீன் அப்படிக் கரைந்திருப்பதில்லை. இரண்டு கரண்டிச் சாறும் ஒரு மீனும் எடுத்தவருக்கும், அதே எடையில் மூன்று மீன் எடுத்தவருக்கும் புரதம் ஒன்றாகாது. ஆகவே மீனை எண்ணிப் பங்கிட்டு, சாற்றை நிறுத்துப் பங்கிடுகிறேன்.

நெடுநாள் பயன்படுத்துவோருக்கு மட்டும் தெரியவரும் ஒன்று விலை நெடுவரிசையில் இருக்கிறது. சூத்திரம் எப்போதும் ‘உணவு’ பக்கத்தில் இன்றுள்ள விலையையே எடுப்பதால், ஜூலையில் சாளையின் விலையைத் திருத்தினால் மார்ச் மாதத்துச் செலவும் சேர்ந்து உயர்ந்துவிடும். ஒவ்வொரு நாளையும் முடித்தவுடன் F நெடுவரிசையைப் படியெடுத்து, சூத்திரம் இன்றி மதிப்பாக மட்டும் அதே இடத்தில் ஒட்டிவிடுவதே நான் கைக்கொள்ளும் வழி. சத்து நெடுவரிசைகளை அப்படி உறையவைப்பதில்லை. பின்னாளில் ஒரு விகிதத்தை மீண்டும் நிறுத்துத் திருத்தினால், பழைய நாட்களின் புரதமும் திருந்துவதுதான் சரி.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டையும் வெளியில் உண்ட உணவையும் நான் ஊகித்து எழுதுவதில்லை; அந்த நாளை வெறுமையாக விட்டு, எஞ்சிய நாட்களைக் கொண்டே வாரச் சராசரியை எடுக்கிறேன். கூட்டுத்தொகை பூச்சியமாக நின்றால் சராசரி அதையும் சேர்த்து வகுத்துவிடும் என்பதால், பொருள் எதுவும் எழுதப்படாத நாளின் மொத்தக் கட்டம் காலியாகவே தெரியும்படி சூத்திரத்தை அமைத்திருக்கிறேன்.