சீரிஸ் ஏ முடிந்துவிட்டது என்று சொன்னார்கள், எனக்கு 3,40,000 ரூபாய் போனது

நான் பணிபுரிந்த பெங்களூரு ஸ்டார்ட்அப் நிறுவனம் செயல்பாட்டை நிறுத்துவதாகக் கடந்த வாரம் மின்னஞ்சல் அனுப்பியது. ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதச் சம்பளம் 2,40,000 ரூபாய் வரவில்லை. பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலத்தைக் குறைப்பதற்காக நான் கட்டிய 1,00,000 ரூபாயை முதல் சம்பளத்தோடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் வரவில்லை. மொத்தம் 3,40,000 ரூபாய்.

கேள்வி கேட்காமல் போய்ச் சேர்ந்தவன் அல்லன் நான். நேர்காணலுக்குச் சம்மதிப்பதற்கு முன்பே, வேலைவாய்ப்பு கன்சல்டன்சியிலிருந்து அழைத்த பெண்ணிடம் நிறுவனம் முதலீட்டாளர்களிடம் எந்தச் சுற்று நிதி வரை திரட்டியிருக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கையிருப்பு எத்தனை மாதங்களுக்குத் தாங்கும் என்று மூன்றையும் கேட்டேன். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “சீரிஸ் ஏ முடிந்துவிட்டது சார், அறுபது பேர் இருக்கிறார்கள், பதினெட்டு மாதத்திற்குப் பணம் இருக்கிறது” என்றார். அந்தத் தயக்கமின்மையையே சான்றாக எடுத்துக்கொண்டு, இதை மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்று கேட்காமல் விட்டேன். இன்றுவரை என் மனம் ஆறாத இடம் அதுதான்.

முதலீட்டாளர்களிடம் திரட்டும் முதல் பெரிய நிதிச் சுற்றான சீரிஸ் ஏ “முடிந்துவிட்டது” என்றால் என்ன என்பதை ஏப்ரல் இறுதியில் நிறுவனர் நடத்திய கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். முதலீட்டாளர் கையெழுத்திட்டிருந்தது டெர்ம் ஷீட் எனும் உத்தேச நிபந்தனைத் தாளில் மட்டுமே. பணம் தந்தே தீர வேண்டும் என்று அது பொதுவாக எவரையும் கட்டுப்படுத்தாது; அதன் பிறகு கணக்குகளைத் துருவிப் பார்ப்பார்கள், பங்குதாரர் ஒப்பந்தம் எழுதுவார்கள், அதற்கும் பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். இங்கே கணக்கைப் பார்த்த கட்டத்திலேயே முதலீட்டாளர் விலகிவிட்டார்.

அறுபது பேர் என்ற கணக்கும் அப்படித்தான். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் Establishment Search என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயரை இட்டு, View Payment Details என்பதைத் திறந்தால், எந்த மாதத்திற்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியும். நான் சேர்வதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு 19 பேர். நான் சேர்ந்த மாதத்தில் 11 பேர். பயிற்சி மாணவர்கள், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் என எல்லோரையும் கூட்டித்தான் அறுபது என்றிருக்கிறார்கள். அத்தகையவர்கள் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம் என்பதால் எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. மாதத்திற்கு மாதம் சரிந்துகொண்டே வருவதுதான் அடையாளம். அதைப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் பணத்தை இழந்த பிறகு பார்த்தேன்.

சம்பளம் நின்றபோது மனிதவள அதிகாரி “அடுத்த வாரம்” என்றார், பிறகு “நிதி வந்தவுடன்” என்றார், பிறகு பதில் சொல்வதையே நிறுத்தினார். கன்சல்டன்சிப் பெண்ணோ, நான் மார்ச் 3 அன்று சேர்ந்ததிலிருந்து வாரம் தவறாமல் அழைத்து “நன்றாக இருக்கிறீர்களா, சார்?” என்று விசாரித்தவர். கடைசி அழைப்பு மே 30. அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் விளக்கினார்: ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கன்சல்டன்சிக்குக் கட்டணமாகப் போவது வழக்கம்; சேர்ந்தவர் 90 நாட்களுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு ஆளைத் தர வேண்டும். என்னுடைய 90 நாட்கள் மே 31 அன்று முடிந்தன. அலுவலகத்திற்கே நேரில் சென்று கேட்டபோது, “அறிமுகம் செய்வதோடு எங்கள் பொறுப்பு முடிகிறது, நிறுவனம் தந்த தகவலைத்தான் சொன்னோம்” என்று அவருடைய மேலாளர் எழுந்துகூட நிற்காமல் சொல்லி அனுப்பினார்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. “நிதிச் சுற்று முடிந்ததா?” என்று கேட்காதீர்கள், “பணம் எந்த மாதம் வங்கிக்கு வந்தது, முதன்மை முதலீட்டாளர் யார்?” என்று கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். இந்தியாவில் பங்குகளை ஒதுக்கி நிதி வாங்கிய தனியார் நிறுவனம் அந்த ஒதுக்கீட்டைப் பதினைந்து நாட்களுக்குள் PAS-3 படிவத்தில் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 100 ரூபாய் கட்டினால் அதைப் பார்க்கலாம். தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் இந்த வழி உதவாது, அப்போது வைப்பு நிதி எண்ணிக்கையையாவது பாருங்கள். நோட்டீஸ் பணத்தைத் திருப்பித் தரும் உறுதி ஆஃபர் கடிதத்தில் தேதியோடு இல்லையென்றால் கையிலிருந்து கட்டாதீர்கள். நான் கட்டிய 1,00,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டுமே.