சில்டெனாஃபிலா, டடாலாஃபிலா? தலைவலி, மூக்கடைப்பு, கண், காது

விறைப்புக்கான இந்த இரண்டு மாத்திரைகளும் இரத்தக் குழாயைத் தளர்த்தி விரிக்கின்றன. தலையில் விரிந்தால் தலைவலி, முகத்தில் விரிந்தால் சிவந்து சூடேறும், மூக்குக்குள் விரிந்தால் அடைப்பு. இவை இரண்டிலும் வரும். எவ்வளவு நேரம் என்பதில்தான் வித்தியாசம்.

உடம்பில் சில்டெனாஃபில் பாதியாகக் குறைய சுமார் 4 மணி நேரம் ஆகும், டடாலாஃபிலுக்கு 17 மணி நேரத்துக்கு மேல். இரவு போட்ட சில்டெனாஃபிலின் தொல்லை பெரும்பாலும் விடிவதற்குள் அடங்கிவிடும், டடாலாஃபிலில் அது மறுநாளும் நீளலாம், கூடவே சிலருக்கு முதுகு, தொடையில் வலி வந்து இரண்டு நாளில் போகும். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு நான் சில்டெனாஃபிலைத்தான் சொல்வேன். ஆனால் அதைக் கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் வேலை செய்யத் தாமதமாகும்.

மஞ்சக்குப்பத்தில் தெரிந்த அண்ணன் ஒருவர் பாண்டிச்சேரியில் பீரும் மட்டன் பிரியாணியும் முடித்து 50 மில்லிகிராம் சில்டெனாஃபில் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்று. அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏற, மதுவும் குழாயை விரிக்க, முகம் சிவந்து மண்டையைப் பிளக்கிற வலி. டாக்டர் சொன்னபடி இப்போது குடிக்காமல், லேசான சாப்பாட்டோடு ஒன்று மட்டும் போடுகிறார், வலித்தால் பாராசிட்டமால். மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தால் போதும். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும், அது பிரஷரை ஏற்றும்.

கண் விஷயத்தில் பதறவும் கூடாது, அலட்சியமும் கூடாது. சில்டெனாஃபில் விழித்திரையில் உள்ள ஒரு நொதியையும் தொடுவதால் சிலருக்குப் பார்வையில் நீலம் படியும், வெளிச்சம் கூசும். இரண்டு கண்ணிலும் வந்து சில மணி நேரத்தில் போய்விடும். டடாலாஃபிலில் இது அரிது.

ஆனால் வலியே இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று பார்வை போனால், மேல்பாதியிலோ கீழ்பாதியிலோ திரை விழுந்ததுபோல் இருந்தால், அது வேறு. பார்வை நரம்புக்கு இரத்தம் குறைந்திருக்கலாம். பெரும்பாலும் தூங்கி எழும்போதுதான் தெரியும், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மாத்திரைதான் காரணம் என்று உறுதியாக நிரூபணமாகவில்லை, ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ ஜிப்மர் அவசரப் பிரிவுக்கோ போங்கள்.

காதும் அப்படித்தான்: ஒரு காது திடீரென்று மந்தமாகி இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால், அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள், ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். கூச்சப்படாமல் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர்களுக்கு இரண்டுமே கூடாது. ஒன்றால் பார்வை போனது என்றால், மற்றதுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒரே வகை மருந்து.